தடுத்தவர்: பயனர்

நாள் முழுக்க மனிதர்களிடம் "அலவ் அமுக்குங்க" என்று சொல்வதுதான் என் வேலை. அதற்கு எனக்குச் சம்பளம் வேறு தருகிறார்கள்.

வீட்டிலிருந்தே எழுதும் ஆன்லைன் தேர்வுகளுக்கு எங்கள் கம்பெனி ஒரு மென்பொருள் கொடுக்கிறது. தேர்வு தொடங்கியதும் அது திரையை முழுசாகப் பிடித்துக்கொள்ளும். பிரவுசரில் வேறு டேப் திறந்தால் எச்சரிக்கும். மறுபடி திறந்தால் பதிவாகும். அதற்கு மேலும் அடங்காவிட்டால் தேர்வை மூடிவிடும். கேமரா முகத்தைப் பார்க்கும், மைக் அறையைக் கேட்கும், திரை முழுக்கப் பதிவாகும். இதற்கெல்லாம் எழுதுகிறவர்தான் "அலவ்" பொத்தானை அமுக்கி அனுமதி தர வேண்டும். அதனால் தேர்வுக்கு முன்பே, எந்தக் கணினியில் எழுதப் போகிறார்களோ அதே கணினியில் ஒரு சோதனையை முடித்து வையுங்கள் என்று மெயில் அனுப்புகிறோம், குறுஞ்செய்தி அனுப்புகிறோம், கெஞ்சுகிறோம். செய்வார்களா? மாட்டார்கள். தேர்வு நாள் காலையில் பதறியடித்துக்கொண்டு போன் பண்ணுவார்கள். முழுத்திரையில் இருக்கும்போது யாரோ வீடியோ காலில் கூப்பிட்டுவிட்டார் என்று அழுத ஒரு வக்கீலை எனக்குத் தெரியும். பேசுகிற கிளியை அறையிலேயே வைத்துக்கொண்டு எழுதி, "வேறு குரல் கேட்கிறது" என்று மாட்டிக்கொண்டவரும் உண்டு. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஓடுகிற பிழைப்பு.

அப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்த நர்ஸ் வந்தார்.

வேறு நாட்டு மருத்துவமனை ஒன்று அவரை வேலைக்கு எடுத்திருந்தது. அந்த நாட்டில் நர்ஸாகப் பதிவு பெறுவதற்கான தேர்வில் தேறினால்தான் வேலை உறுதி. முதல் முறை பேசியபோது குரலில் அவசரமே இல்லை. நோயாளிக்கு ஊசி போடுகிறவர்களுக்கே உரிய நிதானம். பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணின் குரலும் கேட்டது. "அம்மா, அது இல்ல, மேல இருக்கு பாரு, அலவ். அத அமுக்கு." 

"பொண்ணு," என்றார் நர்ஸ் பெருமையாக. "எல்லாம் அவதான் செட் பண்ணிக் குடுக்கறா. எனக்கு இதெல்லாம் கண்ணக் கட்டி காட்டுல விட்ட மாதிரி."

என் திரையில் கேமரா, மைக், திரைப்பகிர்வு, முழுத்திரை எல்லாம் வரிசையாகப் பச்சை ஆயின. தேர்வு நாளுக்கு முன்னால் சோதனை முடித்தவர் என்று எனக்கு அவர்மேல் தனி மரியாதையே வந்துவிட்டது.

தேர்வு நாளன்று அவரால் உள்ளேயே போக முடியவில்லை, எனக்கு போன் பண்ணினார். கேமரா தடுக்கப்பட்டிருந்தது. சரி செய்து மீள்வதற்குள் நுழைவு நேரம் முடிந்துவிட்டது. தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதி, வேறு தேதி வாங்கிக் கொடுத்தேன். புது தேதிக்கு முன்னால் மறுபடி சோதனை, மறுபடி பச்சை. தேர்வு நாளில் மறுபடி சிவப்பு. இந்த முறை மைக். மறுபடி எனக்கு போன்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கண்டிஷன். வணக்கம் சொன்னாலும் ஒரு கண்டிஷனோடுதான் சொல்வார். அவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"இன்னொரு தேதி தரலாம். ஆனா இதுதான் கடைசி. அதுக்கப்புறம் அவங்க அடுத்த வருஷம்தான் எழுத முடியும்."

அடுத்த வருஷம் வரை அந்த வேலை அவருக்காகக் காத்திருக்காது. அதை நர்ஸே என்னிடம் சொல்லியிருந்தார். ஆகவே மூன்றாவது தேதிக்கு முன்னால் நானே அவரைக் கூப்பிட்டேன். கூப்பிடுவதற்கு முன் அவருடைய பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன்.

கேமரா கெட்டுப்போனால் எங்கள் பதிவில் "கருவி கிடைக்கவில்லை" என்று வரும். வேறு செயலி அதைப் பிடித்து வைத்திருந்தால் "கருவி பயன்பாட்டில் உள்ளது" என்று வரும். நர்ஸின் பதிவில் இரண்டும் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே வரிதான். "அனுமதி தடுக்கப்பட்டது. தடுத்தவர்: பயனர்."

அதாவது அவரே கொடுத்த அனுமதியை அவரே போய் எடுத்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த அம்மாவுக்காக நான் கண்டிஷனிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன், இவர் என்னடாவென்றால் தன் காலில் தானே கல்லைப் போட்டுக்கொள்கிறார்.

"சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. தேர்வுக்குப் பயந்து நீங்களே பிளாக் பண்றீங்களா? சில பேர் அப்படிப் பண்ணுவாங்க. எழுதாம இருக்க ஒரு சாக்கு."

அவர் கோபப்படவில்லை. "பண்ணல மேடம்," என்றார்.

"அப்ப உங்க லேப்டாப்ப வேற யார் தொடறா?"

"யாரும் இல்ல. இப்பகூட நான் மட்டும்தான் இருக்கேன். வீட்டுக்காரருக்கு வெளியூர்ல வேலை, மாசத்துக்கு ஒரு தடவ வருவார். பொண்ணு ஸ்கூலுக்குப் போயிட்டா."

நல்ல உச்சி வெயில் நேரம். எங்கள் ஆபீஸில் எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். சோதனையை முதலிலிருந்து செய்யச் சொன்னேன். கேமராவுக்கு அனுமதி கொடுத்தார், பச்சை. அவர் முகம் என் திரையில் சின்னக் கட்டத்தில் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி, உச்சியில் முடிந்த கொண்டை, பின்னால் சாத்திய கதவு, ஒரு அலமாரி. மைக்கும் பச்சை ஆனது. 

"இப்ப உங்க ஸ்க்ரீன ஷேர் பண்ணச் சொல்லிக் கேக்கும். ஒரு விண்டோவ மட்டும் குடுக்காதீங்க, முழு ஸ்க்ரீனையும் குடுங்க."

கொடுத்தார். இப்போது அவர் திரை முழுவதும் எனக்குத் தெரிந்தது. முழுத்திரைக்குப் போக இன்னும் ஒரு பொத்தான்தான் பாக்கி.

"அமுக்குங்க சிஸ்டர்."

அம்புக்குறி நகர்ந்தது. ஆனால் பொத்தானை நோக்கிப் போகவில்லை. மெதுவாக மேலே ஏறி, முகவரிப் பட்டையின் ஓரத்தில் இருந்த சின்னக் குறியைத் தொட்டது. அனுமதிகளின் பட்டியல் விரிந்தது. அம்புக்குறி கேமராவுக்கு எதிரே போய் நின்றது.

"அங்க ஏன் போறீங்க? கீழ வாங்க."

"நான் எங்கயும் போகல மேடம்." அவர் குரல் இறங்கிவிட்டது. 

"மவுஸ நகர்த்தறீங்களே."

கேமராக் கட்டத்தில் அவர் தன் இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கிக் காட்டினார். போலீஸ்காரனிடம் காட்டுவது போல, விரல்களை விரித்து. கைகள் இரண்டும் காற்றில் இருக்கின்றன, திரையில் அம்புக்குறி அசைகிறது. அது ஒரு தடவை அழுத்தியது. அவர் முகம் இருந்த கட்டம் இருண்டது.

என் பக்கம் ஒரு புது வரி வந்து விழுந்தது. "தடுத்தவர்: பயனர்."

 பக்கத்து மேசையில் யாரோ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். மைக் இன்னும் திறந்திருந்ததால், அந்த அம்மாள் மூச்சு விடுவது மட்டும் என் காதில் கேட்டது.

"மேடம், கதவு சாத்தித்தான் இருக்கு," என்றார், நான் கேட்காமலே. "கட்டிலுக்கு அடியிலகூடப் பாத்துட்டேன்."

"அங்க ஆள் இருக்காது சிஸ்டர். உள்ள இருக்காங்க."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எவ்வளவு மோசமானது என்று உறைத்தது. லேப்டாப்புக்குள் என்று திருத்திச் சொன்னேன். அதுவும் பெரிதாகத் தேறவில்லை.

பிறகு மறுபடி அனுமதி கொடுக்கச் சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சட்டென்று முழுத்திரைக்குப் போகச் சொன்னேன். போனார். கடைசிப் படி ஒன்று உண்டு. பின்னணியில் ஓடும் செயலிகளைச் சரிபார்க்க நாங்கள் ஒரு சின்னத் துணை மென்பொருள் இறக்கிக்கொள்ளச் சொல்வோம். முந்தைய படிகள் எல்லாம் பச்சை ஆனால்தான் அது வேலை செய்யும். முந்தைய சோதனைகளில் அதுவும் சுத்தமாகத்தான் இருந்தது. இப்போது சிவப்பு. "தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஓடுகிறது. மூடிவிட்டு மீண்டும் முயலவும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அது இதுதான். வேறு எங்கோ உட்கார்ந்துகொண்டு, ஒரு போனிலிருந்தோ கணினியிலிருந்தோ, யாரோ அந்த லேப்டாப்பைப் பார்க்கிறார்கள், இயக்குகிறார்கள். அவர் படிப்பது, தட்டுவது, என்னோடு சாட்டில் எழுதியது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். போனில் பேசுவது மட்டும்தான் அவர்களுக்கு எட்டவில்லை என்று நினைத்தேன், அதுகூட எனக்கு நிச்சயமில்லை.

"சிஸ்டர், போன எடுத்துக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போங்க."

போனார். எனக்கு யார் மேல் சந்தேகம் என்று ஒளிக்காமல் சொன்னேன். "உங்க வீட்டுக்காரர் நீங்க போறதுக்குச் சம்மதிச்சாரா?"

"மொதல்ல முனகினார். அப்புறம் சரின்னுட்டார்."

"அவராத்தான் இருக்கும். வேலியே பயிர மேயுது."

"அவரா?" முதல் முறையாக அவர் சிரித்தார். "டிவி ரிமோட்டையே தலகீழாப் பிடிக்கிற மனுஷன் மேடம்." சிரிப்பு நின்ற பிறகு கேட்டார், "யாருன்னு உங்களால கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியாது. அந்த மென்பொருள் இருக்குன்னுதான் எங்களுக்குத் தெரியும். மறுமுனையில யாருன்னு தெரியாது."

"அப்பச் சரி," என்றார். நிம்மதி அடைந்தது போல் இருந்தது அந்தக் குரல். பயத்தில் உளறுகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த மென்பொருளை நீக்கப் பார்த்தால் அது கடவுச்சொல் கேட்டது. அவருக்குத் தெரியவில்லை. லேப்டாப் கம்பெனிக்காரர்களைக் கேட்டால் அதையே துடைத்துப் புதிதாக்கலாம் என்பார்கள். அதற்கு நாள் இல்லை. நான் சொன்ன வழி எளிது. வேறு ஒருவருடைய லேப்டாப்பை வாங்குங்கள், அங்கேயே போய்ச் சோதனையை முடியுங்கள், அங்கேயே உட்கார்ந்து எழுதுங்கள். ஒரு கணினியில் கொடுத்த அனுமதி இன்னொன்றுக்குச் செல்லாது, அதனால் அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து கொடுக்க வேண்டும். பழைய லேப்டாப்பில் எதையும் மாற்றாதீர்கள், எதையும் சொல்லாதீர்கள்.

கூட வேலை பார்க்கும் ஒரு நர்ஸின் வீட்டில் ஏற்பாடு ஆயிற்று. சோதனை முழுக்கப் பச்சை. அதற்குப் பிறகு தேர்வு வரை யாரும் எதையும் தடுக்கவில்லை. அந்த அமைதிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தேர்வு ஒரு விடுமுறை நாள் காலையில். கண்டிஷனிடம் கேட்டு நானே அன்று வேலைக்கு வந்தேன். நர்ஸ் நேரத்துக்கு உள்ளே வந்தார். அடையாள அட்டையைக் காட்டினார், கேமராவைச் சுழற்றி அறையைக் காட்டினார். பக்கத்தில் யாரும் இல்லை. முழுத்திரை பூட்டிக்கொண்டது. குனிந்து எழுத ஆரம்பித்தார். என்னை அறியாமல் ஒரு பெருமூச்சு விட்டேன்.

பாதித் தேர்வு போயிருக்கும். என் திரையில் ஒரு மஞ்சள் பெட்டி எழும்பியது. அதே பெயரில், அதே கடவுச்சொல்லோடு, இன்னொரு கணினியிலிருந்து யாரோ நுழைய முயல்கிறார்கள். நடுவில் லேப்டாப் செத்துப்போனவர்களுக்காக நாங்கள் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறோம். புதுக் கணினியில் எல்லா அனுமதியும் கொடுத்து, முகத்தைக் காட்டினால், தேர்வு அங்கே மாறிவிடும். பழைய இடத்தில் மூடிக்கொள்ளும்.

வந்த கணினி எது என்று பார்த்தேன். வீட்டில் விட்டுவிட்டு வந்த அந்த லேப்டாப்தான். கடவுச்சொல் அதில் சேமித்து வைக்கப்பட்டிருந்திருக்கும். அதை அழிக்கச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

படிகள் ஒவ்வொன்றாகப் பச்சை ஆகிக்கொண்டு வந்தன. கேமரா, அனுமதிக்கப்பட்டது. மைக், அனுமதிக்கப்பட்டது. முழுத்திரை. பின்னணிச் செயலி, ஒன்றும் இல்லை. தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளின் கடவுச்சொல் தெரிந்த கை அதை மூடிவிட்டது. இத்தனை நாள் தடுத்துக்கொண்டே இருந்த அந்தக் கை இன்று எனக்கு எல்லாவற்றையும் தானாகத் திறந்து விட்டுக்கொண்டிருந்தது. 

முகம் வந்தது.

நர்ஸ்.

அதே மூக்குக்கண்ணாடி, உச்சியில் அதே கொண்டை, பின்னால் அதே கதவு, அதே அலமாரி. இடது பக்கக் கட்டத்தில் தோழி வீட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். வலது பக்கக் கட்டத்தில் தன் வீட்டில் உட்கார்ந்து என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் முகம் ஒப்பிடும் கருவிகூடத் திணறிப்போய், "பொருந்தலாம். மனிதர் சரிபார்க்கவும்" என்று எனக்கே தள்ளிவிட்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டேன்.

படத்தைப் பெரிதாக்கினேன். கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது. பழைய கண்ணாடியாக இருக்கும். கொண்டை அவசரமாகப் போட்டது, ஊக்குகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. தாடை சின்னது. கழுத்து மெல்லியது. அம்மாவின் பழைய மருத்துவமனை அட்டையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாள், அந்தக் குழந்தை. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு வேளையில் பெஞ்சுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு அம்புக்குறியை நகர்த்தியவள் யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மைக்கைத் திறந்தேன். "பாப்பா."

அவள் துள்ளி விழுந்தாள். "நீங்க அந்த அலவ் மேடமா?"

"ஆமா."

"நான்தான் அம்மா. எனக்குத்தான் எக்ஸாம்," என்றாள், குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு. அடுத்த நொடியே தடிப்பு உடைந்தது. "என்ன உள்ள விடுங்க மேடம். மிச்ச கேள்விக்கெல்லாம் தப்பா அமுக்கிடறேன். அது போதும். அவங்க ஃபெயிலாயிட்டா போக மாட்டாங்க."

"அம்மா கிட்ட போகாதேன்னு சொல்லிப் பாத்தியா?"

"சொன்னா அழுவாங்க. ஆனா போவாங்க." கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "இதுலேர்ந்து எப்படி வெளிய வரது? எதுவும் வர மாட்டேங்குது. என் மூஞ்சியேதான் தெரியுது."

முழுத்திரை அவளைப் பிடித்து வைத்திருந்தது. என் கைக்குக் கீழே இரண்டு பொத்தான்கள்தான் இருந்தன, ஏற்க, மறுக்க. மறுத்தால் காரணம் கேட்கும். "வேறு ஆள் எழுத முயன்றார்" என்று தேர்ந்தெடுத்தால் அந்த நிமிடமே தோழி வீட்டில் எழுதிக்கொண்டிருப்பவரின் தேர்வும் ரத்தாகும், விதி அப்படி. அப்படிச் செய்தால் அந்தக் குழந்தை கேட்டது நடந்துவிடும். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அதைச் செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அப்புறம் எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. யார் போகலாம் யார் இருக்கலாம் என்று தீர்மானிக்க நான் யார்? மறுத்துவிட்டு, காரணமாக "இணைப்புக் கோளாறு" என்று தேர்ந்தெடுத்தேன். வலது பக்கக் கட்டம் மறைந்தது. படம் பதிவில் இருக்கும், என்றைக்காவது யாராவது கேட்டால் என் வேலை போகும். போகட்டும்.

இடது பக்கத்தில் நர்ஸ் நிமிரவே இல்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.

தேர்வு முடிந்து அவர் போன் பண்ணினார்.

"நல்லா எழுதிட்டேன் மேடம். பாஸாயிடுவேன்னு நினைக்கிறேன்." சந்தோஷமாக இல்லை. "நடுவுல யாராவது வந்தாங்களா?"

பதிவில் இருப்பதை வெளியில் சொல்லக் கூடாது என்று விதி. அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். "ஒரு இணைப்புக் கோளாறு. நான் பாத்துக்கிட்டேன் சிஸ்டர்."



"என் பழைய கண்ணாடியப் போட்டுக்கிட்டு வந்தாளா?" என்றார்.

 "உங்களுக்குத் தெரியுமா?"

"மொதல்லயே தெரியும். வீட்ல அவள விட்டா அதெல்லாம் யாருக்கு மேடம் செய்யத் தெரியும்?"

"அப்புறம் எதுக்கு அத்தன தடவ எனக்கு போன் பண்ணீங்க?"

"மெஷின் கோளாறுன்னு நீங்க சொல்லிடுவீங்கன்னு பாத்தேன்," என்றார். "அப்படிச் சொல்லிட்டா நான் நிம்மதியாப் போயிருப்பேன்."